தானே அழுத்தும் கணனி: எங்கே தடுமாறுகிறது, எதை நாம் பார்த்திருக்க வேண்டும்



இணையத்தளத்தைத் தானே திறந்து, தானே வாசித்து, தானே பொத்தான்களை அழுத்திப் படிவங்களை நிரப்பும் மென்பொருட்கள் இப்போது எமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. பெரும்பாலும் பிள்ளைகள்தான் அவற்றைக் கொண்டுவருகிறார்கள். "அப்பா, இனி உர்சாஃப் அறிக்கையை நீங்கள் இருந்து நிரப்பத் தேவையில்லை, இது செய்யும்" என்கிறார்கள். அதன் பிறகு எனக்குக் கேள்வி வருகிறது: "இதை நம்பி விடலாமா? வதிவிட அட்டை புதுப்பிக்கும் படிவத்தையும் இதனிடம் கொடுக்கலாமா?" லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்து சிறு தொழில் செய்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இம்மாத உரையில் அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். இந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கினால் எந்த இடத்தில் அது பிழைக்கும் என்பதும் விளங்கும். எங்கே பிழைக்கும் என்று தெரிந்தால் எதை நாம் பார்த்திருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

படம் எடுத்துப் பார்க்கும் இயந்திரம்

இவ்வகை மென்பொருளைக் கணனி முகவர் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் அன்த்ரொபிக் நிறுவனம் தனது கிளோட் என்னும் செயற்கை நுண்ணறிவுக்கு இந்த ஆற்றலைக் கொடுத்தது. 2025 ஜனவரியில் ஓபன்ஏஐ நிறுவனம் ஓபரேட்டர் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அதைச் சற்ஜிபிடியோடு சேர்த்தது. பெயர்கள் மாறினாலும் வேலை செய்யும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

முகவர் முதலில் திரையை ஒரு படம் எடுக்கிறது. நாங்கள் ஸ்கிரீன்ஷொட் என்று சொல்வது போன்ற சாதாரணப் படம்தான். அந்தப் படத்தைப் பார்த்து, "இன்ன பொத்தான் இடப்பக்கத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி தள்ளி இருக்கிறது, அதை அழுத்த வேண்டும்" என்று முடிவு செய்கிறது. பிறகு மவுசை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்துகிறது. அழுத்திய பின் மறுபடியும் ஒரு படம் எடுக்கிறது. என்ன நடந்தது என்று பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கிறது. சில முகவர்கள் படத்தோடு பக்கத்தின் உள் எழுத்தையும் வாசிக்கும். ஆனாலும் பார்ப்பது, தீர்மானிப்பது, அழுத்துவது, மீண்டும் பார்ப்பது என்ற சுற்று மாறுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முகவர் பக்கத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. படம் எடுத்த கணத்துக்கும் அழுத்தும் கணத்துக்கும் இடையில் சில வினாடிகள் கழிகின்றன. அந்த இடைவெளியில் அதன் கண் மூடியிருக்கிறது. எமக்குத் தெரியாத ஒரு வீட்டில் இருட்டில் நடப்பவன் இடைக்கிடை ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, பார்த்து, அணைத்துவிட்டு இரண்டு அடி வைப்பது போன்றது இது. தளபாடம் அசையாத வரை அவன் சரியாகவே நடப்பான்.

இன்னுமொன்று, எமது கணக்குத் தொழிலில் உள்ளவர்களுக்கு உடனே விளங்கக்கூடியது. ஒரு படிவத்தை முடிக்க நாற்பது சுற்றுகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக நடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 0.99 ஐ நாற்பது தடவை பெருக்கினால் 0.67 தான் வரும். அதாவது மூன்று படிவத்தில் ஒன்றில் எங்கோ ஓர் இடத்தில் பிழை இருக்கும். முகவர் தன் பிழையைத் தானே கண்டு திருத்துவதும் உண்டு, ஆகவே உண்மையில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் திருத்த வேண்டுமென்றால் முதலில் அது பிழை என்று அதற்குத் தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பழைய ரோபோவும் புதிய முகவரும்

இணையத்தளத்தைத் தானாக அழுத்தும் மென்பொருள் எமக்குப் புதிதல்ல. வதிவிட அட்டைக்குப் பிரிபெக்சரில் சந்திப்பு நேரம் எடுப்பதற்கு இரவு பகலாகக் கணனிக்கு முன் இருந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. "இடம் இல்லை, பிறகு முயற்சிக்கவும்" என்ற அதே வாசகம் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. அகதிகளுக்கும் குடியேறியவர்களுக்கும் உதவும் லா சிமாட் அமைப்பு 2016 இல் ஒரு ரோபோ மென்பொருளைச் செய்து, பல பிரிபெக்சர்களின் சந்திப்புப் பக்கங்களைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து, எங்கே எவ்வளவு காலம் ஓர் இடமும் கிடைக்கவில்லை என்பதைப் பகிரங்கப்படுத்தியது. கூடாத வழியிலும் இதே உத்தி பயன்பட்டது. கிடைக்கும் ஓரிரு நேரங்களை மென்பொருளால் பிடித்துக் காசுக்கு விற்பவர்கள் கிளம்பினார்கள். அதைத் தடுக்கத்தான் வளைந்த எழுத்துகளை வாசித்து எழுதச் சொல்லும் கப்சா சோதனைகள் பல பக்கங்களில் வந்து சேர்ந்தன.

இந்தப் பழைய வகை ரோபோவுக்கு எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான், அதன் உள்பெயர் என்ன என்பதையெல்லாம் ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்தை நடத்துபவர்கள் பொத்தானின் உள்பெயரை மாற்றிவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். "பொத்தானைக் காணவில்லை" என்று ஒரு பிழைச் செய்தி வரும். எழுதியவர் வந்து திருத்துவார். தொல்லைதான், ஆனால் நேர்மையான தொல்லை. ஏதோ உடைந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

புதிய முகவர் அப்படி நிற்பதில்லை. பொத்தான் இடம் மாறியிருந்தால் தேடிக் கண்டுபிடிக்கும். பெயர் மாறியிருந்தால் அதைப் போன்ற வேறொன்றை எடுத்துக்கொள்ளும். இது அதன் பெரிய திறமை. அதன் ஆபத்தும் இதுவே. பழையது உடைந்தால் நின்றது, புதியது பிழையான வழியிலும் தொடர்ந்து போய், கடைசியில் "முடித்துவிட்டேன்" என்று சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டு, அதைத் தடுமாறச் செய்யும் இரண்டு விடயங்களைப் பார்ப்போம்.

திடீரென்று எழும் பெட்டிகள்

பிரான்சில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் எதிர்ப்படுவது குக்கி பற்றிய பெட்டி. ஏற்றுக்கொள்வது எவ்வளவு சுலபமோ மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று தனிநபர் தரவுகளைக் காக்கும் சினில் ஆணையம் 2020 இல் அறிவுறுத்தி, 2021 மார்ச் இறுதி வரை தளங்களுக்கு அவகாசம் கொடுத்தது. அதனால்தான் இன்று Tout accepter, Tout refuser, Continuer sans accepter என்று பல சொற்களைப் பார்க்கிறோம். ஒரு தளத்தில் மறுக்கும் பொத்தான் கீழே இருக்கும், இன்னொன்றில் மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். முகவர் இந்தப் பெட்டியை அநேகமாகக் கடந்துவிடும். ஆனால் வேலையை விரைவாக முடிக்கும் நோக்கில், பெரிதாகத் தெரியும் பொத்தானை, அதாவது எல்லாவற்றையும் ஏற்கும் பொத்தானை, எம்மைக் கேட்காமல் அழுத்திவிடலாம். இது சிறிய விடயம். இதைவிட மோசமானவை பக்கத்தின் நடுவில் எழும் பெட்டிகள்.

முன்பு சொன்ன அந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். முகவர் படம் எடுக்கிறது. படிவத்தின் கீழே Suivant என்ற பொத்தான் தெரிகிறது. அதை அழுத்தப் போகும்போது, "உங்கள் நேரம் முடியப்போகிறது, தொடர விரும்புகிறீர்களா?" என்று ஒரு பெட்டி எழுகிறது. முகவர் அதைக் காணவில்லை. அது குறித்துவைத்த இடத்தில் இப்போது இருப்பது Suivant அல்ல, அந்தப் பெட்டியிலுள்ள வெளியேறும் பொத்தான். அழுத்தம் அங்கே விழுகிறது. நிரப்பியதெல்லாம் போய்விடுகிறது. இப்படிப் போனால்கூடப் பரவாயில்லை, எமக்குத் தெரியும். பெட்டி படிவத்தின் ஒரு பகுதியை மறைத்து நிற்க, முகவர் தட்டும் எழுத்துகள் பெட்டிக்குப் போய், கீழேயுள்ள கட்டம் வெறுமையாகவோ முன்பிருந்த தொகையோடோ நின்றுவிடுவதும் உண்டு. "நான் தட்டினேன், ஆகவே அது நிரம்பியிருக்கும்" என்று முகவர் எண்ணிக்கொண்டால், அடுத்த படத்தில் அதைச் சரிபார்க்காமல் போகலாம்.

இது கற்பனைப் பயம் அல்ல. அன்த்ரொபிக் நிறுவனம் 2024 ஒக்டோபரில் தன் முகவரை அறிமுகம் செய்தபோது, செய்முறைக் காட்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்த வேளையில் முகவரே தவறுதலாக அந்தப் பதிவை நிறுத்தும் இடத்தில் அழுத்திவிட்டதாகவும், நீண்ட நேரப் பதிவு முழுவதும் அழிந்துபோனதாகவும் தானே வெளிப்படையாகச் சொன்னது. தவறுதலாக விழுந்த ஓர் அழுத்தத்தின் விளைவு அது.

பொப்-அப் பெட்டிகளில் இன்னொரு தன்மையும் உண்டு. இருபது ஆண்டுகளாக இணையத்தைப் பார்த்துவரும் எம்மைப் போன்றவர்களுக்கு "வாழ்த்துக்கள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று மின்னும் பெட்டியைக் கண்டால் கை தானாக மூடும் பொத்தானுக்குப் போகும். எது தளத்தின் பேச்சு, எது விளம்பரக்காரனின் பேச்சு என்பது எமக்குப் பழகிவிட்டது. முகவருக்குத் திரையிலுள்ள எழுத்தெல்லாம் ஒரே படத்தில் வருகிறது. "தொடர்வதற்கு இங்கே அழுத்தவும்" என்று ஒரு பெட்டி சொன்னால் அதைத் தனக்கான அறிவுறுத்தலாக எடுத்துக்கொள்ளும் சாத்தியம் அதிகம். 2024 நவம்பரில் ஜோர்ஜியா டெக், ஹொங்கொங், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முகவர்களுக்கு வேலை கொடுத்து, நடுவில் வேண்டுமென்றே பொப்-அப் பெட்டிகளைக் காட்டினார்கள். சராசரியாக நூற்றுக்கு 86 தடவை முகவர்கள் அந்தப் பெட்டியை அழுத்தின. "பொப்-அப்பைக் கவனிக்காதே" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தும் பெரிய பயன் கிடைக்கவில்லை.

அதன் பின்பு முகவர்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, சந்தேகத்துக்குரிய பெட்டியைக் கண்டால் நின்று கேட்கவும் பழக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் அந்த ஆய்வின் பாடம் பழையதாகவில்லை. வாயால் சொன்ன எச்சரிக்கையைக் காவலாக எண்ணக்கூடாது. காவல் என்பது பக்கத்தில் இருக்கும் ஆள்தான்.

பக்கத்தின் ஒழுங்கு மாறும்போது

இரண்டாவது விடயம் பக்கத்தின் அமைப்பு மாறுவது. இதை ஓர் உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

சேலை விற்று, சட்டையும் தைத்துக் கொடுக்கும் ஒரு சகோதரி ஓட்டோ-அந்திரப்ரனராகப் பதிந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உர்சாஃப் தளத்தில் கைக்கு வந்த வருமானத்தை அறிவிக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான கணக்குக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். சேலை விற்ற காசு பொருள் விற்பனை. தைத்த கூலி சேவை. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள், தனித்தனி விகிதங்கள். 2025 இல் பொருள் விற்பனைக்கு நூற்றுக்கு 12.3, இவ்வகைச் சேவைக்கு நூற்றுக்கு 21.2.

சேலை விற்று வந்தது 4200 யூரோ, தையலில் வந்தது 1500 யூரோ. சரியாக நிரப்பினால் விற்பனைக்கு 516.60, சேவைக்கு 318.00, மொத்தம் 834.60 யூரோ பங்களிப்பு. தொழிற்பயிற்சிக்காகச் சேரும் சிறு தொகையை இங்கே விட்டுவிடுகிறேன்.

முகவர் கடந்த மூன்று தவணைகளும் சரியாகச் செய்துவிட்டது. நாலாவது தவணையில் அந்தப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள். முன்பு விற்பனை மேலே, சேவை கீழே. இப்போது கைத்தொலைபேசியிலும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறார்கள், சேவைக்கான கட்டம் முதலில் வருகிறது. கட்டத்தின் பெயர் கட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது ஒரு படத்தில் எப்போதும் தெளிவாக இராது. முகவர் 4200 ஐ சேவையிலும் 1500 ஐ விற்பனையிலும் தட்டிவிடுகிறது.

இப்போது கணக்கு என்ன? சேவை 4200 க்கு 890.40. விற்பனை 1500 க்கு 184.50. மொத்தம் 1074.90 யூரோ. சகோதரி 240.30 யூரோ கூடுதலாகக் கட்டப்போகிறார். இதைத் தளம் தடுக்குமா? தடுக்காது. இரண்டு தொகைகளும் இரண்டு கட்டங்களுக்கும் ஏற்றவைதான். சிவப்பு எழுத்து ஒன்றும் வராது. மொத்த வருமானம் 5700 யூரோ என்பதும் சரியாகவே இருக்கும். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்த்து ஒப்பமிடுபவருக்கும் பிடிபடாது. பிழை தலைகீழாக விழுந்து பங்களிப்பு குறைந்துவிட்டால் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பிறகு ஒருநாள் உர்சாஃப் கேட்கும்.

இதுபோன்ற மாற்றங்கள் பல வடிவில் வரும். திரையின் அளவு சிறிதானால் ஒரு கட்டம் கீழே மறைந்துவிடும், முகவர் உருட்டிப் பார்க்காமல் விட்டுவிடலாம். முன்பு இல்லாத ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருப்பார்கள், முகவர் எமது வாயால் கேளாத பதிலை ஊகித்து நிரப்பலாம். தளம் முன்கூட்டியே நிரப்பி வைத்த தொகை ஒரு கட்டத்தில் இருக்கும், முகவர் அதை அழிக்காமல் தன் எண்ணை அதன் பின்னால் ஒட்டிவிடலாம். பிரான்சில் தசமத்துக்குக் காற்புள்ளி. "4,200" என்று ஆங்கில முறையில் தட்டினால் அதை நான்கு யூரோ இருபது சதமாக வாசிக்கும் படிவங்களும் இருக்கலாம்.

எமது மக்களுக்கு இதில் தனியான ஓர் இடம் உண்டு. அது பெயர். இலங்கையில் எமது பெயரும் தந்தையின் பெயரும் சேர்ந்துதான் வரும், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. பிரான்சில் Nom de naissance, Nom d'usage, Prénom என்று கட்டங்கள் பிரிகின்றன. ஒப்ரா தந்த பிறப்புச் சான்றிதழில் எது எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அதன்படிதான் எல்லா இடத்திலும் எழுத வேண்டும். முகவருக்கு எது தந்தையின் பெயர், எது சொந்தப் பெயர் என்பது ஊகம்தான். கட்டங்களின் ஒழுங்கு மாறினால் ஊகமும் மாறும். உர்சாஃபில் நேரும் பிழை காசோடு போய்விடும். வதிவிட அட்டை விண்ணப்பத்தில் பெயர் மாறி விழுந்தால், வங்கி, காப்புறுதி, வேலைத்தலம் என்று ஒவ்வொரு இடத்திலும் அதை விளக்கித் திரிய வேண்டியிருக்கும்.

எதைப் பார்த்திருக்க வேண்டும்

முகவர் நாற்பது தடவை அழுத்துவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பதென்றால் நாமே அழுத்திவிடலாம். அப்படித் தேவையில்லை. திரும்பி வர முடியாத இடங்கள் சிலவே. அவற்றில் மட்டும் ஆள் இருக்க வேண்டும்.

முதலாவது, தொடங்குவதற்கு முன் ஒரு கடதாசி. எந்தக் கட்டத்துக்கு எந்தத் தொகை என்பதை நீங்கள் கையால் எழுதி வைத்திருங்கள். Ventes 4200, Prestations de services 1500 என்று கட்டத்தின் பெயரோடு எழுத வேண்டும், வெறும் தொகை போதாது. பிறகு முகவர் நிரப்பியதை ஒப்பிட உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான். முகவரிடமே "சரியா?" என்று கேட்டு அதன் பதிலை அளவுகோலாக எடுப்பது, காசாளரிடமே காசாளரின் கணக்கைச் சோதிக்கச் சொல்வது போலாகும்.

இரண்டாவது, உள்நுழைவு. கடவுச்சொல்லையும் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் நீங்களே தட்டுங்கள். அந்த இடத்தில் கட்டுப்பாட்டை ஆளிடம் திருப்பிக் கொடுக்கும் வசதி இந்த முகவர்களில் உண்டு. பிரான்ஸ்கொனெக்ட் மூலம் நுழைந்தால் வரி, சமூகக் காப்புறுதி, குடும்ப உதவி என்று பல கதவுகள் ஒரே சாவியில் திறக்கும். அந்தச் சாவியை அரட்டைப் பெட்டியில் எழுதி வைக்கக்கூடாது. கப்சா சோதனை வந்தாலும் நீங்களே செய்யுங்கள், எதிர்ப்பக்கத்தில் இருப்பது மனிதர்தானா என்று கேட்பதற்காக வைத்த சோதனை அது.

மூன்றாவது, கடைசிப் பொத்தானுக்கு முந்திய பக்கம். பெரும்பாலான அரசாங்கப் படிவங்களில் Récapitulatif என்று ஒரு சுருக்கப் பக்கம் வரும். அதற்குப் பிறகு Valider. முகவருக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்: சுருக்கப் பக்கம் வரை போ, Valider ஐ அழுத்தாதே. எச்சரிக்கை மட்டும் போதாது என்று சற்று முன்பு சொன்னேன் அல்லவா, ஆகவே அந்தப் பக்கம் வரும் நேரத்தில் நீங்கள் திரைக்கு முன் இருக்க வேண்டும். கடதாசியை எடுத்து, கட்டத்தின் பெயரையும் தொகையையும் சோடியாக ஒப்பிடுங்கள். மொத்தத்தில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். சேலைக் கணக்கில் மொத்தம் சரியாகவே இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கட்ட வேண்டிய பங்களிப்பையும் கடந்த தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருமானம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கப் பங்களிப்பு மட்டும் 240 யூரோ பாய்ந்திருந்தால் கட்டம் மாறியிருக்கலாம். பிறகு Valider ஐ உங்கள் விரலாலேயே அழுத்துங்கள்.

Je certifie sur l'honneur என்று தொடங்கும் சிறு கட்டத்தில் புள்ளடி போடுவதும் அப்படித்தான். அது ஒரு கையொப்பம். சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுபவர் நீங்கள், மென்பொருள் அல்ல. "இயந்திரம் நிரப்பியது" என்ற காரணம் உர்சாஃபுக்கும் வரித் திணைக்களத்துக்கும் முன்னால் நிற்காது. நல்லெண்ணத்தோடு முதல் தடவை செய்த தவறைத் தண்டமின்றித் திருத்திக்கொள்ளும் உரிமையை 2018 ஓகஸ்ட் 10 ஆம் திகதிச் சட்டம் கொடுத்திருப்பது உண்மைதான். ஆனால் திருத்துவதற்கும் முதலில் பிழையைக் காண வேண்டும்.

நான்காவது, முடிந்த பிறகு கிடைக்கும் பற்றுச்சீட்டு. முகவர் "அனுப்பிவிட்டேன்" என்று சொல்வது பற்றுச்சீட்டு அல்ல. Accusé de réception அல்லது அறிக்கையின் பிரதியைத் தரவிறக்கி, திகதியையும் தொகையையும் பார்த்து, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பொப்-அப் ஒன்று நடுவில் வந்து அனுப்புதல் நின்றுபோயிருந்தால் இந்தச் சீட்டு இராது. அது இல்லாமையே உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. வருமானம் இல்லாத தவணையிலும் பூச்சியம் என்று அறிவிக்க வேண்டும் என்பதால், அனுப்பப்படாத அறிக்கை சிறிய விடயம் அல்ல.

வதிவிட அட்டை, பயணப் பத்திரம், குடியுரிமை போன்றவற்றின் படிவங்களை நிரப்புவதற்கு முகவரை விடுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். அவற்றில் கட்டங்கள் அதிகம், பெயர்ச் சிக்கல் உண்டு, பிழை நேர்ந்தால் திருத்த மாதங்கள் ஆகும். ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் ஒரு பிரெஞ்சு வாசகத்தை விளங்கிக்கொள்ளவும் கணனியின் உதவியைப் பெறலாம். தட்டுவது நீங்களாக இருக்கட்டும். தளம் உங்களைத் தடுத்தால், திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஒரே வாரத்தில் அல்லாமல் வெவ்வேறு வாரங்களில் பல தடவை முயன்றும் சந்திப்புக் கிடைக்கவில்லை என்று காட்டினால், நீதிபதி பிரிபெக்சருக்குக் கட்டளையிடலாம் என்று உயர் நிர்வாக நீதிமன்றமான கொன்சை டெத்தா 2020 ஜூன் 10 இல் தீர்ப்பளித்தது. இணையவழி மட்டுமே என்று எவரையும் கைவிட்டுவிடாமல் உதவியும் மாற்று வழியும் இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 3 இல் மறுபடியும் சொன்னது. அந்த உரிமையைக் கேட்க உங்கள் கையில் சான்று இருக்க வேண்டும். முகவர் தன் பாட்டில் முயன்று, தன் பாட்டில் கைவிட்டிருந்தால் அந்தச் சான்று இராது.

கடைசியாக ஒன்று. எமது வீடுகளில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் மகனோ மகளோ. கடையில் எவ்வளவு வந்தது, அதில் எது விற்பனை, எது கூலி என்பது தெரிந்தவர் அம்மா அல்லது அப்பா. முன்பு இருவரும் ஒரே மேசையில் இருந்து படிவத்தை நிரப்பினார்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் தொகை சொன்னார். முகவர் வந்த பின் இருவருமே எழும்பிப் போய்விடுகிறார்கள். முழுநேரமும் இருக்கத் தேவையில்லை. சுருக்கப் பக்கம் வரும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் இருவரும் வந்து இருங்கள். பிள்ளை கட்டத்தின் பெயரைத் தமிழில் வாசிக்கட்டும், பெற்றோர் கடதாசியைப் பார்த்துத் தொகையைச் சொல்லட்டும். இரண்டும் பொருந்தினால் பொத்தானை அழுத்துங்கள்.